அறுவடையோடு வித்துத் தள்ளாமல்: களஞ்சியப் பற்றுச்சீட்டும் அதன் கணக்கும்

மாசி பிறந்துவிட்டால் வன்னியில் வெட்டு மெசின்கள் இரவு பகலாக ஓடும். இரணைமடுவின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் முருங்கன் பக்கமும் ஏறத்தாழ ஒரே கிழமைகளில் பெரும்போக நெல் கொட்டப்படும். வரம்போரம் லொறி வந்து நிற்கும். அன்றைக்கு அந்த லொறிக்காரர் சொல்வதுதான் விலை. ஈர நெல்லை வைத்துக்கொண்டு நாலு நாள் பேரம் பேச முடியாது, மழை ஒன்று பெய்தால் முளைத்துவிடும். மெசின் கூலி உடனே வேண்டும், உரக் கடைக்காரர் வாசலில் நிற்பார், விதைப்புக்கு அடகு வைத்த நகையின் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஆடி மாதமளவில் அதே நெல்லுக்கு விலை கூடியிருக்கும் என்பது கமக்காரருக்குத் தெரியாததல்ல. அதுவரை பொறுக்கக் கையில் காசு இல்லை, வைக்க இடமும் இல்லை. வீட்டில் அடுக்கினால் எலி, வண்டு. காட்டோரக் கிராமங்களில் நெல் வாசத்துக்குச் சுவரை இடித்துக்கொண்டு யானையும் வரும். இந்த இரண்டு குறையையும் சேர்த்துத் தீர்க்க வந்த ஏற்பாடுதான் களஞ்சியப் பற்றுச்சீட்டும் அதன் பேரில் எடுக்கும் கடனும். தமிழ்நாட்டில் இதைப் பொருளீட்டுக் கடன் என்பார்கள்.

நகை அடகு தெரிந்தவருக்கு இது பாதி விளங்கிவிட்டது. நகையை வங்கி எடுத்து வைக்கும், சீட்டுத் தரும், மதிப்பில் ஒரு பங்கைக் காசாகத் தரும். காசையும் வட்டியையும் கட்டினால் நகை திரும்ப வரும். நெல்லிலும் அதேதான், ஆனால் வங்கிக்கு நெல்லை வைத்திருக்கத் தெரியாது. நகை பெட்டிக்குள் பேசாமல் கிடக்கும், நெல் அப்படிக் கிடக்காது. அது மூச்சு விடும், சூடேறும், எடை குறையும், வண்டு விழும். ஆகவே இருவர் நடத்தும் அடகு இங்கே மூவர் நடத்தும் அடகாகிறது. கமக்காரர், வங்கி, நடுவில் களஞ்சியக்காரர். "இந்த ஆளின் நெல், இன்ன இனம், இவ்வளவு எடை, இவ்வளவு ஈரப்பதன், என் பொறுப்பில் இருக்கிறது. வங்கி எழுதித் தராமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது" என்று களஞ்சியக்காரர் கையொப்பமிட்டுத் தரும் கடதாசிதான் பற்றுச்சீட்டு. வங்கி கடன் கொடுப்பது அந்தக் கையொப்பத்தை நம்பித்தான்.

வன்னிக்கு இதில் தனியாக ஒரு பொருத்தம் உண்டு. இங்கே பெரும்பாலான குடியேற்றத் திட்டக் காணிகள் பெமிற் காணிகள். அறுதி உறுதி இல்லாத அவற்றை வங்கியில் இலகுவில் ஈடு வைக்க முடியாது. குத்தகைக்குச் செய்பவருக்கோ காணியே இல்லை. பற்றுச்சீட்டுக் கடனில் ஈடு நெல்தான். காணி யாருடையது என்ற கேள்வி பின்னுக்குப் போகிறது.

களஞ்சிய வாசல் வரை

எல்லாம் ஈரப்பதனில்தான் தொடங்குகிறது. மெசினால் வெட்டிய நெல்லில் பெரும்பாலும் 20 முதல் 24 சதவீதம் வரை ஈரம் இருக்கும். மாதக் கணக்கில் வைக்க வேண்டுமானால் அது 14 சதவீதத்துக்குக் கூடக்கூடாது. நெல் சந்தைப்படுத்தும் சபை வாங்கும்போது கேட்பதும் அந்த 14 தான். ஈரம் 16 ஆக இருக்கும் நெல்லைச் சாக்கில் கட்டி அடுக்கினால் வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகு அடுக்கின் நடுவில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், புளித்த வாசம் வரும். குற்றிப் பார்த்தால் அரிசி மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சளை எந்த ஆலையாலும் வெள்ளையாக்க முடியாது. அதனால்தான் களஞ்சியக்காரர் வாசலிலேயே கறாராக நிற்பார். அவர் விட்டுக்கொடுத்தால் உங்கள் ஐந்து மூட்டை பக்கத்திலிருக்கும் ஐந்நூறு மூட்டையையும் கெடுக்கும்.

காய வைப்பதில் எங்கள் ஊர்ப் பழக்கம் வீதிதான். ஏ-9 இலும் பரந்தன் முல்லைத்தீவு வீதியிலும் அறுவடைக் காலத்தில் ஒரு பாதி நெல்லாகத்தான் கிடக்கும். வாகனத்துக்கும் நெல்லுக்கும் ஆகாத வேலை அது, ஆனால் வேறு களம் இல்லாதவரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. கவனிக்க வேண்டியது இவ்வளவு: படங்கை விரித்து அதன்மேல் நாலைந்து சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கொரு தடவை காலாலோ பலகையாலோ கிளறிவிட வேண்டும். வெறும் தாரில் உச்சி வெயிலில் மெல்லியதாகப் பரப்பினால் மேல் தோல் சட்டெனக் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மணி வெடிக்கும். குற்றும்போது அது உடைந்த அரிசியாகத்தான் விழும். பின்னேரம் குவித்து மூடாமல் விட்டால் பனி பட்டு, காய்ந்தது திரும்ப ஈரம் வாங்கும். இந்த ஈரமும் மணியை வெடிக்க வைக்கும்.

வெட்டும் நாளிலேயே பார்க்க வேண்டிய இன்னொன்று இனக் கலப்பு. மெசின் உங்கள் வயலுக்கு வருமுன் பக்கத்து வயலில் சம்பா வெட்டியிருக்கலாம். அதன் தொட்டியிலும் ஏற்றியிலும் கொஞ்சம் நெல் தங்கி நிற்கும். உங்கள் நாட்டு நெல்லின் முதல் சில மூட்டைகளில் அது கலந்து விழும். முதல் மூட்டைகளைத் தனியே கட்டி வீட்டுத் தேவைக்கு வைத்துவிட்டால் மிச்சம் முழுவதும் ஒரே இனமாக நிற்கும். களஞ்சியத்தில் பத்து மூட்டையில் குத்தூசி போட்டு எடுக்கும் மாதிரியில் கலப்பு தெரிந்தால் முழுத் தொகுதிக்கும் தரம் இறங்கும்.

வாசலில் நடப்பது நேரே நின்று பார்க்க வேண்டியது. சுற்றிலும் அடியிலும் உள்ள மூட்டைகளில் மாதிரி எடுத்து, கலந்து, மீற்றரில் ஈரம் பார்ப்பார்கள். சப்பி, கல், தூசி எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு எடை. சாக்கின் எடை எப்படிக் கழிக்கப்படுகிறது என்பதைக் கேளுங்கள். லொறிக்காரர்கள் மூட்டைக்கு இரண்டு கிலோ என்று கண்ணை மூடிக்கொண்டு கழிப்பது வழக்கம். வெறும் பிளாஸ்ரிக் பை சில நூறு கிராமுக்கு மேல் வராது. நேர்மையான முறை, பத்து வெற்றுச் சாக்கை ஒன்றாக நிறுத்து, பத்தால் பிரித்துக் கழிப்பது. எழுபது மூட்டையில் ஒன்றரைக் கிலோ வித்தியாசம் என்றால் நூறு கிலோவுக்கு மேல் போய்விடும்.

பற்றுச்சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே வாசிக்க வேண்டும். உங்கள் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், நெல்லின் இனம், மூட்டை எண்ணிக்கை, தேறிய எடை, ஈரப்பதன், தரம், அடுக்கின் இலக்கம், வாடகை எவ்வளவு, எந்தத் திகதி வரை, காப்புறுதி உண்டா, கழிவு எவ்வளவு என்பவை இருக்க வேண்டும். நெல் உங்களுடைய அதே மூட்டைகளாகத் திரும்ப வருமா, அதே தரத்தில் அதே எடை நெல் வருமா என்பதும் தெளிவாக வேண்டும். பெரும் களஞ்சியங்கள் ஒரே தரத்தை ஒன்றாகச் சேர்ப்பதுண்டு. விற்பனை நெல்லுக்கு அதில் நட்டமில்லை. விதைநெல்லை மட்டும் ஒருபோதும் அப்படிக் கொடுக்க வேண்டாம்.

அந்தச் சீட்டோடு வங்கிக்குப் போனால், வங்கி களஞ்சியத்தைத் தொடர்புகொண்டு அதை உறுதிப்படுத்தி, இந்த நெல் கடனுக்கு ஈடு என்று களஞ்சியப் புத்தகத்தில் பதியச் செய்யும். சீட்டு வங்கியிடமே தங்கும். அன்றைய சந்தை விலையில் நெல்லின் மதிப்பைப் போட்டு, அதில் ஒரு பங்கைக் கடனாகத் தரும். முழுப் பெறுமதியும் தராது. ஏன் என்பதைக் கணக்கில் பார்ப்போம்.

மூன்று ஏக்கரின் கணக்கு

மூன்று ஏக்கரில் வெட்டிய நெல் 5,600 கிலோ என்று வைப்போம். ஈரம் 22 சதவீதம். கீழே வரும் விலை, வட்டி, கூலி எல்லாம் கணக்குக்காக எடுத்தவை. உங்கள் ஊர் எண்ணைப் போட்டு நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலில் காய்ந்தால் எவ்வளவு நிற்கும் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சூத்திரம்:

எஞ்சும் எடை = முதல் எடை × (100 − முதல் ஈரம்) ÷ (100 − பின் ஈரம்)

5,600 × 78 ÷ 86 என்றால் 5,079 கிலோ. தூற்றிச் சப்பியும் குப்பையுமாக 79 கிலோ போனால் கையில் நிற்பது 5,000 கிலோ. அறுநூறு கிலோ போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை. போனது பெரும்பாலும் தண்ணீர். வரம்பில் வாங்குபவர் அந்தத் தண்ணீரை விலையில் ஏற்கனவே கழித்துவிட்டார்.

வரம்பில் ஈர நெல்லுக்குக் கிலோ 85 ரூபா, காய்ந்த நெல்லுக்கு அதே கிழமையில் 105 ரூபா என்று வைத்தால், ஈரமாக விற்றால் 4,76,000 ரூபா. காயவைத்து விற்றால் 5,25,000. காய வைக்கும் கூலிக்கு 15,000 போனாலும் 34,000 ரூபா கூட நிற்கிறது, களஞ்சியம் என்ற பேச்சே எடுக்காமல். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மாசியில் 85க்குப் போன நெல்லை ஆடியில் 120க்கு விற்று, 35 ரூபாவும் வைத்திருந்ததால் வந்தது என்று நினைக்கிறார்கள். அதில் 20 ரூபா காய்ந்ததால் வந்தது. வைத்திருந்ததற்கான கூலி 105க்கு மேல் உள்ள 15 ரூபா மட்டும்தான். வைப்பதா விற்பதா என்று யோசிக்கும்போது ஒப்பிட வேண்டியது எப்போதும் காய்ந்த நெல்லின் அன்றைய விலையோடு.

இப்போது 5,000 கிலோவும் பங்குனி நடுவில் களஞ்சியத்துக்குப் போகிறது. மதிப்பு 5,25,000. வங்கி 70 சதவீதம் தருகிறது என்றால் கடன் 3,67,500 ரூபா. வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் மாதம் 3,675. களஞ்சிய வாடகை கிலோவுக்கு மாதம் 50 சதம் என்றால் 2,500. இரண்டும் சேர்ந்து மாதம் 6,175 ரூபா. இவை தவிர ஒரு தடவைச் செலவுகள் உண்டு: வயலிலிருந்து களஞ்சியத்துக்கு லொறி 10,000, ஏற்றி இறக்கும் கூலி 5,000.

நான்கு மாதம் வைத்து ஆடி நடுவில் விற்கிறோம். வட்டி 14,700, வாடகை 10,000, லொறியும் கூலியும் 15,000. கூட்டினால் 39,700. அதோடு நெல்லும் குறையும். சோளகக் காற்றில் ஈரம் 14 இலிருந்து 13க்கு இறங்கினாலே 57 கிலோ போகும். களஞ்சியம் ஒரு சதவீதக் கழிவு எழுதியிருந்தால் உங்களுக்குத் திரும்பக் கிடைப்பது 4,950 கிலோ.

அன்று காய்ந்த நெல்லாக விற்றிருந்தால் 5,25,000. அதனுடன் 39,700 சேர்த்து 4,950 ஆல் பிரித்தால் 114 ரூபா 8 சதம். இதுதான் தாண்ட வேண்டிய கோடு. ஆடியில் 114 ரூபாவுக்கு மேல் விற்றால்தான் வைத்திருந்ததில் பொருளுண்டு. 125க்குப் போனால் 54,050 ரூபா இலாபம். 110க்குப் போனால், விலை கிலோவுக்கு ஐந்து ரூபா ஏறியும், 20,200 ரூபா நட்டம். விலை 100க்கு விழுந்தால் 69,700 ரூபா போய்விடும்.

மனதில் வைத்துக்கொள்ள இன்னும் இலகுவாகச் சொன்னால், இந்தக் கணக்கில் களஞ்சிய வாசலைத் தாண்டினாலே கிலோவுக்கு 3 ரூபா செலவு. பிறகு மாதத்துக்கு ஒன்றேகால் ரூபாவும் கொஞ்சக் கழிவும். ஒரே மாதத்தில் எடுத்துவிடுவதற்காக நெல்லைக் களஞ்சியத்துக்கு ஏற்றக்கூடாது என்பதும் இதிலிருந்தே தெரியும்.

வங்கி ஏன் 70 இல் நிற்கிறது என்பதும் இங்கே விளங்கும். கடன் கிலோவுக்கு 73 ரூபா 50 சதம். விலை 100க்கு விழுந்தாலும் கழிவு, வட்டி, வாடகை எல்லாம் எடுத்து வங்கிக்குக் காசு வரும். 85 பக்கம் இறங்கினால் வங்கி அழைக்கும்: கடனில் கொஞ்சம் கட்டுங்கள், அல்லது இன்னும் நெல் வையுங்கள், அல்லது விற்க அனுமதி தாருங்கள். இந்த வரி கடன் ஒப்பந்தத்தில் எங்கோ சின்ன எழுத்தில் இருக்கும். எத்தனை நாள் அவகாசம் என்பதைக் கையொப்பத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

70 சதவீதம் தருகிறார்கள் என்பதற்காக முழுவதையும் எடுக்க வேண்டும் என்றில்லை. உரக்கடைக்கும் மெசினுக்கும் 2,50,000 போதுமானால் அதை மட்டும் எடுங்கள். மாத வட்டி 2,500 ஆகக் குறையும். மறுபக்கம், நூற்றுக்கு மாதம் 4 ரூபா வட்டிக்குத் தனியாரிடம் 3,00,000 எடுத்தவருக்கு அதற்கே மாதம் 12,000 போகிறது. அதை வங்கிக் காசால் அடைத்தால் அந்த இடத்தில் வட்டி 3,000 ஆகும். இவருக்கு ஆடி விலை 110 ஆக இருந்தாலும் கணக்கு சரிவரும். அப்படித் தனியார் வட்டிக் கடன் இல்லாதவருக்கு 114 கோடுதான் கோடு.

எதுவரை பொறுப்பது

விலை ஏறும் என்பது பொதுவான பேச்சு. எவ்வளவு ஏற இடமிருக்கிறது என்பதைப் பார்க்க ஒரு வழி உண்டு. 100 கிலோ நெல் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு அதிகபட்ச சில்லறை விலையாக 230 ரூபா விதிக்கப்பட்டது. அந்த விலையில் 65 கிலோ அரிசி 14,950 ரூபா, அதாவது நெல் கிலோவுக்கு 149 ரூபா 50 சதம். தவிட்டுக் காசு கொஞ்சம் வரும். மறுபக்கம் இந்தத் தொகைக்குள்தான் கடைக்காரர், மொத்த வியாபாரி, ஆலை, மின்சாரம், லொறி, சாக்கு எல்லாம் பங்கு கேட்கும். அப்படியொரு கட்டுப்பாட்டு விலை இருக்கும் காலத்தில் நெல் 150க்குப் போகும் என்று காத்திருப்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். 125க்குக் காத்திருப்பவருக்கு இடமிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அன்றைய அரிசி விலையை வைத்து இந்தப் பெருக்கலைச் செய்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது நாட்காட்டி. பெரும்போக நெல்லுக்கு விலை ஏறும் முதல் வாய்ப்பு ஆனி, ஆடியில், சிறுபோகம் வெட்டுமுன். ஆவணியில் புது நெல் இறங்கத் தொடங்கினால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அதன்பிறகு ஐப்பசி தாண்டித்தான் திரும்பத் திறக்கும். அதற்குள் வட்டியும் வாடகையும் இரட்டிக்கும். இரணைமடுவில் தண்ணீர் குறைவு, சிறுபோகம் கொஞ்ச ஏக்கர்தான், ஆகவே விலை ஏறும் என்று கிளிநொச்சியில் கணக்குப் போடுபவர்கள் உண்டு. நெல் விலையைத் தீர்மானிப்பது எங்கள் குளமல்ல. பொலன்னறுவை, அம்பாறை, அனுராதபுரம் மாவட்டங்களில் எவ்வளவு விதைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஒரு இரவில் லொறி இங்கே வந்துவிடும்.

மூன்றாவது அரசாங்கம். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா என்று உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. சந்தை விலை அதற்குக் கீழே இருந்து, உங்கள் பகுதியில் சபையின் களஞ்சியமும் திறந்து, உங்கள் நெல்லை எடுக்கவும் செய்தால் கொடுத்துவிடுவதே சரி. மேலே உள்ள கணக்கில் நான்கு மாதம் காத்துக்கொண்டு 114க்கு மேல் எதிர்பார்ப்பதைவிட, இன்றே 120 கையில் வருவது பெரிது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அரிசி விலை மிஞ்சினால் இறக்குமதிக்கு அனுமதி கொடுப்பார்கள். 2024 டிசம்பரில் தனியாருக்கு அப்படி அனுமதி கிடைத்தது. மார்கழி வரை நெல்லை வைத்திருப்பவருக்கு இந்த ஆபத்து ஆடியில் விற்பவரைவிட அதிகம்.

இதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைக்காமல் பிரிப்பதுதான் நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். 5,000 கிலோவில் 2,000 கிலோவைக் காயவைத்து உடனே விற்றால் 2,10,000 வரும், அவசரக் கடன் அடங்கும். மிச்சம் 3,000 கிலோவை வைத்து, தேவையான சிறு தொகையை மட்டும் கடனாக எடுக்கலாம். ஆனியில் 114ஐத் தாண்டினால் பாதியை எடுப்பது, ஆடி கடைசிக்குள் மீதியையும் எடுப்பது என்று இன்றே எழுதி வைத்துவிடுங்கள். அப்படிப் பகுதி பகுதியாக எடுக்க வங்கி விடுமா என்பதைக் கடன் எடுக்கும் நாளிலேயே கேட்க வேண்டும். சில இடங்களில் முழுக் கடனையும் கட்டினால்தான் முதல் மூட்டையே அசையும்.

விற்கும்போது ஒழுங்கு இப்படி: வாங்குபவரை நீங்கள் தேடி விலை பேசுகிறீர்கள். அவர் களஞ்சியத்தில் மாதிரி பார்க்கிறார். காசை வங்கியில் உங்கள் கடன் கணக்குக்குக் கட்டுகிறார். வங்கி முதலையும் வட்டியையும் எடுத்து மிச்சத்தை உங்கள் சேமிப்புக் கணக்கில் போட்டு, விடுவிப்புக் கடிதம் தருகிறது. அந்தக் கடிதத்தைக் காட்டி, வாடகை பாக்கியைக் கட்டினால் களஞ்சியம் நெல்லை ஏற்றிவிடும். "நெல்லை இன்றைக்கு ஏற்றிவிடு, காசு நாளைக்கு வரும்" என்று வாங்குபவர் சொன்னால் அதற்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. அது கமக்காரருக்கும் காவல்தான். வரம்பில் கடனுக்கு நெல் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காசுக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வைத்த பிறகு பார்க்க வேண்டியவை

நெல்லைக் கொடுத்துவிட்டு நான்கு மாதம் மறந்திருக்க முடியாது. மாதம் ஒரு தடவை போய் உங்கள் அடுக்கைப் பாருங்கள். மூட்டைகள் மரப் பலகைத் தட்டில் நிலத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், சுவரில் சாய்ந்திருக்கக்கூடாது, சுற்றிவர ஆள் நடக்க இடம் வேண்டும். சுவரில் சாய்ந்த மூட்டை மாரியில் ஈரம் உறிஞ்சும். அடுக்கில் தொங்கும் அட்டையில் உள்ள இலக்கமும் எண்ணிக்கையும் உங்கள் சீட்டுப் பிரதியோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கை குறைந்திருந்தாலோ, அட்டையே இல்லாவிட்டாலோ அன்றைக்கே வங்கிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். நெல் போய்விட்டால் கடன் மட்டும் உங்கள் பேரில் நிற்கும்.

வண்டைக் கண்டுபிடிக்க மீற்றர் வேண்டாம். பின்னேரத்தில் அடுக்கின் ஓரத்தைத் தட்டினால் சின்ன மண்ணிற அந்துகள் பறந்தால், மூட்டையின் தையலில் மாப்பொடி ஒட்டியிருந்தால், மணியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் வேலை தொடங்கிவிட்டது. நல்ல களஞ்சியத்தில் அடுக்கை முழுவதும் தடித்த பொலித்தீனால் மூடி, ஓரத்தை மணல் பையால் அமர்த்தி, பொஸ்பீன் வாயு தரும் மாத்திரை வைத்து ஒரு கிழமையளவு விடுவார்கள். ஓரம் இறுக மூடாமல் மாத்திரை வைத்தால் பெரிய வண்டு செத்து முட்டை தப்பும், ஒரு மாதத்தில் திரும்ப வரும். இதே மாத்திரையை வீட்டு அறையில் வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த வாயு பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளையையும் கொல்லும்.

உழுந்தும் கச்சானும் இதே வழியில் வைக்கலாம், ஆனால் நெல்லின் எண்கள் பொருந்தாது. உழுந்துக்கு ஈரம் 12க்குள் நிற்க வேண்டும், வண்டும் வயலிலிருந்தே முட்டையோடு வரும். கச்சானில் ஈரம் மிஞ்சினால் பூஞ்சண நஞ்சு ஏறும், அது காய வைத்தாலும் போகாது.

இருபது மூட்டைதான் இருக்கிறது என்பவருக்கு லொறிச் செலவே கணக்கைக் கவிழ்த்துவிடும். கமக்காரர் அமைப்பாகச் சேர்ந்து ஒரே லொறியில் ஏற்றி, அமைப்பின் பேரில் ஒரே சீட்டாக எடுப்பதுதான் அங்கே வழி. அப்போது களஞ்சியச் சீட்டுக்கு உள்ளே இன்னொரு கணக்கு வேண்டும். யாருடைய நெல் எத்தனை கிலோ, எந்த ஈரத்தில் வந்தது, யார் எவ்வளவு கடன் எடுத்தார் என்பதை ஏற்றும் நாளிலேயே கொப்பியில் எழுதி ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். 14 சதவீதத்தில் கொண்டுவந்தவரும் 15 சதவீதத்தில் கொண்டுவந்தவரும் ஒரே எடைக்கு ஒரே காசு வாங்கினால் அடுத்த போகத்தில் ஒருவரும் காயவைத்துக் கொண்டுவர மாட்டார்கள். மேலே உள்ள அதே சூத்திரத்தால் எல்லோருடைய எடையையும் 14க்கு மாற்றி எழுதினால் அந்தச் சண்டை வராது. 15 சதவீதத்தில் வந்த 1,000 கிலோ, 14இல் 988 கிலோ. கொப்பியில் எழுத வேண்டியது அந்த 988ஐத்தான்.